ஓரங்களையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

1613-ஆம் ஆண்டு, ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் வசித்துவந்த யோகன்னஸ் கெப்ளர் மறுமணம் செய்துகொண்டார். கோள்கள் நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்று கண்டுசொன்ன அதே கெப்ளர்தான். அந்த ஆண்டு திராட்சை விளைச்சல் அமோகம். டான்யூப் ஆற்றில் படகுகளில் வந்த மதுப் பீப்பாய்கள் லின்ஸ் கரையில் குவிந்து கிடந்தன, விலையும் மலிவு. புதுக் குடித்தனத்துக்கு வேண்டுமே என்று கெப்ளரும் சில பீப்பாய்கள் வாங்கிப் போட்டார். சில நாள் கழித்து வியாபாரி கையில் ஒரு அளவுகோலோடு வந்தான். படுக்க வைத்த பீப்பாயின் நடுவயிற்றில் மது ஊற்றும் துளை இருக்கும். கோலை அதற்குள் சாய்வாக விட்டு, பக்கவாட்டுப் பலகையின் அடி விளிம்பில் முட்டும்வரை தள்ளினான். எவ்வளவு நீளம் உள்ளே போயிற்று என்று பார்த்தான். இத்தனை மது, இத்தனை காசு என்று சொல்லிவிட்டான். பீப்பாய் குட்டையா நெட்டையா, ஒல்லியா பருமனா என்பதைப் பற்றி அவன் கவலைப்படவே இல்லை.

கெப்ளருக்கு இது உறுத்தியது. கோல் ஒரே அளவு உள்ளே போகிற இரண்டு பீப்பாய்களில் மதுவின் அளவும் ஒன்றாகத்தான் இருக்குமா? இந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு போய் 1615-இல் லின்ஸிலேயே ஒரு புத்தகம் வெளியிட்டார். மதுப் பீப்பாய்களின் கனஅளவைப் பற்றிய லத்தீன் நூல் அது. பன்னிரண்டாம் வகுப்பில் ‘மூடிய இடைவெளியில் மீப்பெரு, மீச்சிறு மதிப்புகள்’ என்று நாம் படிக்கும் பாடத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியாது. ஆகவே அந்தப் பீப்பாயையே எடுத்துக்கொண்டு நம் காலத்து முறையில் போட்டுப் பார்க்கலாம்.

பீப்பாயின் வயிறு சற்றுப் புடைத்திருக்கும். கணக்கு எளிதாக இருக்க, அதை நேரான உருளை என்று வைத்துக்கொள்வோம். கோல் உள்ளே போன நீளம் சரியாக 1 மீட்டர். பீப்பாயின் நீளம் h மீட்டர், விட்டம் D மீட்டர். துளை நடுவில் இருப்பதால், அங்கிருந்து பக்கவாட்டுப் பலகைவரை கிடைமட்டத் தூரம் h/2. மேலிருந்து அடிவரை ஆழம் D. கோல் இவ்விரண்டுக்கும் கர்ணம். பிதாகரஸ் தேற்றப்படி D² = 1 − h²/4. உருளையின் கனஅளவு (π/4)D²h என்பதால், D²-க்குப் பதிலாக இதைப் போட்டால் கிடைப்பது:

V = (π/4)(h − h³/4)

இப்போது கனஅளவு h ஒன்றை மட்டுமே சார்ந்த சார்பாகிவிட்டது. அடுத்து யாரும் கேட்காமல் விடுகிற கேள்வி: h எதிலிருந்து எதுவரை இருக்கலாம்? நீளம் 0-க்குக் கீழே போக முடியாது. h = 2 என்றால் D பூஜ்யமாகிவிடுகிறது, அதற்கு மேலும் போக முடியாது. ஆக நம் இடைவெளி 0 முதல் 2 வரை, இரண்டு முனைகளும் சேர்த்து. நீளமே இல்லாத பீப்பாயும் விட்டமே இல்லாத பீப்பாயும் உலகத்தில் கிடையாது என்பது உண்மைதான். ஆனாலும் அவற்றைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதில் ஒரு லாபம் இருக்கிறது. அது பின்னால் தெரியும்.

சில எண்களைப் போட்டுப் பார்த்தால் கெப்ளரின் சந்தேகம் நியாயமானது என்று உடனே தெரிந்துவிடும். h = 0.5 என்றால் பீப்பாயில் 368 லிட்டர். h = 1 என்றால் 589 லிட்டர். h = 1.5 என்றால் 515 லிட்டர். மூன்றிலும் கோல் ஒரே 1 மீட்டர்தான் உள்ளே போகும், மூன்றுக்கும் ஒரே காசு. வாங்குபவருக்கு இதில் இரண்டு கேள்விகள். ஒரே காசுக்கு அதிகபட்சம் எவ்வளவு மது கிடைக்கலாம்? மோசம் போனால் எவ்வளவு குறைவாகக் கிடைக்கலாம்? முதல் கேள்வி மீப்பெரு மதிப்பு, இரண்டாவது மீச்சிறு மதிப்பு.

எல்லா h-க்கும் கணக்குப் போட முடியாது, அவை எண்ணற்றவை. ஆனால் போட வேண்டியதும் இல்லை. ஏன் என்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர்.

கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு குன்றில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். வலது பக்கம் தரை ஏறுகிறது என்று காலுக்குத் தெரிந்தால், நீங்கள் உச்சியில் இல்லை. வலப்பக்கம் ஓரடி வைத்தால் இன்னும் உயரம் கிடைக்கும். வலது பக்கம் தரை இறங்கினாலும் உச்சியில் இல்லை, இடப்பக்கம் ஓரடி வைத்தால் போதும். ஆக, உச்சியாக இருக்க வாய்ப்புள்ள இடம் தரை சமமாக உள்ள இடம் மட்டுமே. பள்ளத்தின் அடிக்கும் இதே நியாயம் பொருந்தும். தரையின் சாய்வைச் சொல்லும் எண்தான் வகைக்கெழு. வகைக்கெழு பூஜ்யமாகாத இடங்களை எல்லாம் இப்படி ஒரே வீச்சில் தள்ளிவிடலாம்.

இரண்டு வகை இடங்களில் மட்டும் இந்த வாதம் செல்லாது. ஒன்று, சாய்வு என்று ஒன்றைச் சொல்லவே முடியாத கூர்முனை. 10 மீட்டர் நீளமான நடைமேடையில் 4-ஆவது மீட்டரில் ஒரு குழாய் இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து குழாய்க்கு உள்ள தூரம் |x − 4|. இதன் சாய்வு குழாய்க்கு இடப்பக்கம் முழுக்க −1, வலப்பக்கம் முழுக்க +1. எங்கேயும் பூஜ்யம் இல்லை. ஆனால் தூரம் மிகக் குறைவாக இருப்பது x = 4 என்ற அந்த முனையில்தான். வகைக்கெழு பூஜ்யமாகும் இடங்களையும், வகைக்கெழு இல்லாத இடங்களையும் சேர்த்தே மாறுநிலைப் புள்ளிகள் என்கிறோம்.

மற்றொன்று, இடைவெளியின் இரு ஓரங்கள். வலது ஓரத்தில் நிற்கும்போது தரை வலப்பக்கம் ஏறிக்கொண்டே இருக்கலாம். ஆனால் ஓரடி எடுத்து வைக்க அங்கே இடம் இல்லை, வேலி வந்துவிட்டது. சாய்வு பூஜ்யமாக இல்லாமலே அந்த இடம் உச்சியாக இருக்கலாம். மாணவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். வகையிட்டுப் பூஜ்யத்துக்குச் சமப்படுத்தினால் விடை வந்துவிடும் என்று கை பழகிப்போகிறது. ஓரம் அந்தச் சமன்பாட்டில் ஒருபோதும் தலைகாட்டாது. அதை நாமாகத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

ஆகவே வேட்பாளர்கள் சிலரே: இடைவெளிக்குள் விழும் மாறுநிலைப் புள்ளிகள், இரு ஓரங்கள். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் சார்பின் மதிப்பைக் கண்டு ஒப்பிட வேண்டும். மிகப் பெரியது மீப்பெரு மதிப்பு, மிகச் சிறியது மீச்சிறு மதிப்பு. இரண்டாம் வகைக்கெழுவைக் கண்டு அது நேரா எதிரா என்று பார்க்கும் வேலை இங்கே தேவையே இல்லை. பலர் பழக்கதோஷத்தில் அதையும் செய்து நேரத்தை வீணாக்குகிறார்கள். மதிப்புகளே கையில் இருக்கும்போது எது பெரிது என்று நேராகப் பார்த்துவிடலாமே.

பீப்பாய்க்குத் திரும்புவோம். V-இன் வகைக்கெழு (π/4)(1 − 3h²/4). இது பூஜ்யமாக வேண்டுமானால் h² = 4/3, அதாவது h = ±2/√3. எதிர்க்குறி உள்ளது நம் இடைவெளிக்கு வெளியே, அதை விட்டுவிடலாம். மிஞ்சுவது h = 1.1547, அதாவது ஏறத்தாழ 115.5 செ.மீ. சார்பு எங்கும் வழுவழுப்பாக இருப்பதால் கூர்முனை கிடையாது. இனி மூன்றே கணக்கு. h = 0 எனில் V = 0. h = 2 எனில் V = 0. h = 1.1547 எனில் V = 604.6 லிட்டர். முடிந்தது. 1 மீட்டர் கோலுக்கு எந்த வடிவப் பீப்பாயிலும் இதற்கு மேல் ஒரு சொட்டும் கொள்ளாது. அப்போது விட்டம் 81.6 செ.மீ.; நீளம் விட்டத்தைப் போல √2 மடங்கு.

இல்லாத பீப்பாய்களை ஏன் சேர்த்துக்கொண்டோம் என்பது இப்போது புரியும். நம் முறை, எது மீப்பெரு என்று வேட்பாளர்களுக்குள் தேர்ந்தெடுக்கிறதே தவிர, மீப்பெரு மதிப்பு என்று ஒன்று இருக்கிறது என்று அதுவாக நிரூபிப்பதில்லை. அந்த உத்தரவாதம் வேறொரு தேற்றத்திலிருந்து வருகிறது: ஓரங்களை உள்ளடக்கிய மூடிய இடைவெளியில், அறுந்துபோகாமல் தொடர்ச்சியாக இருக்கும் எந்தச் சார்புக்கும் மீப்பெரு மதிப்பும் மீச்சிறு மதிப்பும் உண்டு. பிராகா நகரத்து போல்சானோ இதை 1830-களிலேயே நிரூபித்து எழுதி வைத்திருந்தார். ஆனால் அந்தக் கையெழுத்துப் பிரதி 1930-இல்தான் அச்சேறியது. அதற்குள் பெர்லினில் வையர்ஸ்ட்ராஸ் தன் வகுப்புகளில் இதைச் சொல்லிக்கொடுத்து, தேற்றம் அவர் பெயரில் வழங்கத் தொடங்கிவிட்டது.

இந்த நிபந்தனைகள் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. 0-க்கும் 1-க்கும் இடையில், இரண்டையும் சேர்க்காமல், x என்ற சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மீப்பெரு மதிப்பு என்ன? 0.9 என்றால் 0.99 இருக்கிறது, 0.99 என்றால் 0.999 இருக்கிறது. 1 மட்டும் கைக்கு எட்டாது. மீப்பெரு மதிப்பே இல்லை. தொடர்ச்சி அறுந்தாலும் இதே கதிதான். −1 முதல் 1 வரை 1/x என்று எடுத்தால் பூஜ்யத்தருகே அது வானத்துக்கும் போகிறது, பாதாளத்துக்கும் போகிறது. ஓரங்களில் கிடைக்கும் −1, 1 என்ற இரண்டு எண்களை மட்டும் பார்த்துவிட்டு மீப்பெரு மதிப்பு 1 என்று எழுதினால் அபத்தம். கணக்கைத் தொடங்கும் முன்பே, சார்பின் கீழ்ப்பகுதி எங்காவது பூஜ்யமாகிறதா என்று பார்த்துவிட்டால் இந்த வம்பு வராது.

கெப்ளர் காலத்தில் வகைக்கெழு பிறக்கவில்லை. அவர் நீளங்களை மாற்றி மாற்றிக் கனஅளவுகளை அட்டவணையாகப் போட்டார், வடிவியல் வழியில் நிரூபணமும் தேடினார். மீப்பெரு மதிப்பு உள்ள இடத்தில் சார்பு எப்படி நடந்துகொள்கிறது என்பதை அடுத்த தலைமுறையில் ஃபெர்மா ஒரு முறையாக வகுத்தார். 1684-இல் லைப்னிட்ஸ் வகைநுண்கணிதத்தைப் பற்றி வெளியிட்ட முதல் கட்டுரையின் தலைப்பிலேயே பெருமம், சிறுமம் என்ற சொற்கள் இருந்தன.

ஆனால் அட்டவணையை வைத்துக்கொண்டே கெப்ளர் ஒன்றைக் கவனித்தார். ஆஸ்திரியாவில் பீப்பாய் செய்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: பக்கவாட்டுப் பலகையின் ஆரம், பீப்பாய் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது நீளம் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு. நம் 1 மீட்டர் கோலுக்கு அப்படிச் செய்தால் நீளம் 120 செ.மீ., விட்டம் 80 செ.மீ. (60, 80, 100 என்ற செங்கோண முக்கோணம் அழகாக உட்கார்ந்துகொள்கிறது.) கனஅளவு 603.2 லிட்டர். மிகச் சிறந்த நீளத்திலிருந்து நாலரை செ.மீ. விலகியிருந்தும் நஷ்டம் வெறும் 1.4 லிட்டர். இன்னொரு பக்கம் விலகி 110 செ.மீ. என்று வைத்தாலும் 602.6 லிட்டர். உச்சியருகே சாய்வு கிட்டத்தட்ட பூஜ்யம், அதனால் கொஞ்சம் விலகினாலும் மதிப்பு அசைவதில்லை. பீப்பாய் செய்பவன் கை ஒரு விரற்கடை தவறினாலும் கோல் சொல்லும் கணக்கு ஏறத்தாழ சரியாகவே வரும். லின்ஸ் வியாபாரியின் கோல் வேலை செய்ததற்குக் காரணம் இதுதான்: அந்த ஊர்ப் பீப்பாய்களுக்கு அது பொருந்தும். வேறு வடிவத்தில் பீப்பாய் செய்யும் ஊரில் அதே கோலைக் கொண்டுபோனால் கணக்கு உதைக்கும்.

இப்போது கணக்கைக் கொஞ்சம் மாற்றுவோம். நிலவறையின் மாடம் சிறியது, 1 மீட்டருக்கு மேல் நீளமான பீப்பாய் அதற்குள் போகாது. 60 செ.மீ.க்குக் கீழே யாரும் செய்து தருவதில்லை என்றும் வைப்போம். சார்பு அதேதான், இடைவெளி மட்டும் 0.6 முதல் 1 வரை என்று சுருங்கிவிட்டது. மாறுநிலைப் புள்ளி 1.1547 வேலிக்கு வெளியே போய்விட்டது. உள்ளே ஒரு மாறுநிலைப் புள்ளிகூட இல்லை. வகையிட்டுச் சமப்படுத்தும் பழக்கத்தில் 604.6 லிட்டர் என்று விடை எழுதுபவர், மாடத்துக்குள் நுழையாத பீப்பாயை விற்கிறார். வேட்பாளர்கள் இரு ஓரங்கள் மட்டுமே. h = 0.6 எனில் 429 லிட்டர், h = 1 எனில் 589 லிட்டர். மீப்பெரு மதிப்பு வலது ஓரத்தில், மீச்சிறு மதிப்பு இடது ஓரத்தில்.

ஓரத்தில் கிடைத்த இந்த விடையின் குணம் வேறு, அதைத்தான் பாடப்புத்தகங்கள் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் எண்ணம். உச்சியில் இருந்த 115.5 செ.மீ. பீப்பாயை ஒரு செ.மீ. குறைத்தால் இழப்பு 70 மில்லிலிட்டர்கூட இருக்காது, ஒரு சிறிய டம்ளர்கூட நிரம்பாது. ஓரத்தில் இருக்கும் 100 செ.மீ. பீப்பாயை அதே ஒரு செ.மீ. குறைத்து 99 ஆக்கினால் இழப்பு சுமார் 2 லிட்டர். ஏறத்தாழ முப்பது மடங்கு. காரணம், ஓரத்தில் சாய்வு பூஜ்யம் இல்லை. ஏறிக்கொண்டிருக்கும் தரையை வேலி பாதியில் வெட்டியிருக்கிறது. ஆகவே விடை உள்ளே கிடைத்தால் அளவில் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். ஓரத்தில் கிடைத்தால் ஒவ்வொரு செ.மீட்டருக்கும் விலை உண்டு, மாடத்தை இடித்து இரண்டு விரற்கடை பெரிதாக்க முடியுமா என்று கொத்தனாரைக் கேட்பதும் வீண் போகாது.

இடைவெளியை 0.6 முதல் 1.5 வரை என்று வைத்தால் மூன்று வேட்பாளர்களும் உயிரோடு இருப்பார்கள்: 429, 604.6, 515. மீப்பெரு மதிப்பு நடுவில், மீச்சிறு மதிப்பு இடது ஓரத்தில். ஒரே காசுக்கு வாங்குபவர் மோசம்போகக்கூடிய அளவு அந்த 429-தான், நல்ல பீப்பாயைவிட சுமார் 176 லிட்டர் குறைவு. இங்கே மூன்று கணக்குகளில் மாறியது சார்பு அல்ல, வேலி மட்டும்தான். விடை மூன்று விதமாக வந்துவிட்டது.

பீப்பாய்ச் சார்புக்கு நம் இடைவெளியில் ஒரே மேடுதான். பல மேடு பள்ளங்கள் இருந்தால் இன்னொரு தொல்லை வரும். −2 முதல் 3 வரை x³ − 3x என்ற சார்பை எடுங்கள். வகைக்கெழு 3x² − 3, அது பூஜ்யமாவது x = −1, x = 1 என்ற இரு இடங்களில். x = −1-இல் மதிப்பு 2. வரைந்து பார்த்தால் அங்கே அழகான ஒரு மேடு தெரியும், சுற்றுவட்டாரத்தில் அதைவிட உயரமான இடம் இல்லை. அதுவே மீப்பெரு மதிப்பு என்று முடித்துவிட மனம் சொல்லும். ஆனால் வலது ஓரம் x = 3-இல் மதிப்பு 18. மேடு அதன் கால்தூசிக்குக்கூட வராது. கீழ்ப்பக்கம் பார்த்தால் x = 1-இல் மதிப்பு −2, இடது ஓரம் x = −2-இலும் அதே −2. மீச்சிறு மதிப்பு ஒன்றுதான், அது இரண்டு இடங்களில் கிடைக்கிறது. இதில் தவறு ஏதும் இல்லை. இரண்டு இடங்களையும் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

இந்த முறையின் நிஜமான எல்லை வேறு இடத்தில் இருக்கிறது. வகைக்கெழுவைப் பூஜ்யத்துக்குச் சமப்படுத்துவது எளிது, அந்தச் சமன்பாட்டைத் தீர்ப்பது எப்போதும் எளிதல்ல. ஐந்தாம் படிச் சமன்பாடு வந்துவிட்டால் பொதுவான சூத்திரமே கிடையாது. அப்போது கணினியை வைத்துத் தோராயமாகத்தான் மூலங்களைக் காண்கிறார்கள். தோராயம் என்றதும் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் மாறுநிலைப் புள்ளியைச் சற்றுத் தவறாகக் கண்டாலும், நாலரை செ.மீ. விலகிய ஆஸ்திரியப் பீப்பாயைப் போல, மதிப்பு பெரிதாக மாறாது. ஆபத்து, ஒரு மூலத்தையே காணாமல் விட்டுவிடுவதில் இருக்கிறது. கணினி ஒரு மூலத்தைக் கண்டதும் நின்றுவிட்டால், இன்னொரு மேட்டை யாரும் பார்க்காமலே போய்விடலாம்.

கையால் போடும்போதும் இதே ஆபத்து உண்டு. −1 முதல் 3 வரை x⁴ − 8x² என்ற சார்பைப் போட்டுப் பாருங்கள். வகைக்கெழு 4x³ − 16x. அவசரத்தில் இரு பக்கமும் x-ஆல் வகுத்தால் x = 0 என்ற மூலம் காணாமல் போகும். x² = 4 என்றதும் −2-ஐயும் பட்டியலில் சேர்த்துவிடத் தோன்றும், ஆனால் அது வேலிக்கு வெளியே. சரியான வேட்பாளர்கள் −1, 0, 2, 3 என்ற நான்கு. இவற்றை மூலச் சார்பில் போட வேண்டும், வகைக்கெழுவில் அல்ல. வகைக்கெழுவில் போட்டு எல்லாம் பூஜ்யம் பூஜ்யமாக வருகிறதே என்று விழிப்பவர்களும் உண்டு. வரிசையாக −7, 0, −16, 9 என்று வரும். மீப்பெரு மதிப்பு 9, வலது ஓரத்தில். மீச்சிறு மதிப்பு −16, x = 2-இல். −2-ஐயும் விடையாக எழுதியிருந்தால் மதிப்பு தற்செயலாகச் சரியாக இருக்கும், இடம் தவறு. தேர்வில் மதிப்பெண் போகும்.